அழித்த மெசேஜ் ரிப்ளைக்குள் உயிரோடு இருப்பது ஏன்?

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் வாட்ஸ்அப் குரூப்பில் இரவு 9.40 மணிக்கு இப்படி ஒரு மெசேஜ் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பி-12 வீட்ல மூணு மாசமா மெயின்டனன்ஸ் கட்டல. புது கார் வாங்க மட்டும் காசு இருக்கு." போட்டவர் சங்கத்தின் பொருளாளர். ஆறு நிமிடம் கழித்து மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் அந்த மெசேஜை அழுத்தி, ரிப்ளை கொடுக்கிறார்: "அதானே சார், நானும் கேக்கணும்னு இருந்தேன்."

பொருளாளருக்கு ஏதோ உறுத்துகிறது. வங்கிக் கணக்கை மறுபடி திறந்து பார்க்கிறார். பி-12 வீட்டுப் பணம் மூன்று மாதமும் வந்திருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகள் தன் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறார். பெயர் வேறாக இருந்ததால் இவர் கவனிக்கவில்லை. 10.05 மணிக்குப் பதறிப்போய் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்துகிறார். 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்ற வரி அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்.

மறுநாள் காலை பி-12 வீட்டு அம்மா போனைத் திறக்கிறார். நீக்கப்பட்டது என்ற வரி கண்ணில் படுகிறது. அதற்கு நேர் கீழே, மூன்றாவது மாடிக்காரரின் பதிலுக்கு மேல் சின்னப் பெட்டி ஒன்று. அதில் பொருளாளரின் பெயர், அதன் கீழ் அவர் எழுதிய இரண்டு வரியும் ஓர் எழுத்து குறையாமல். அழிக்காமல் விட்டிருந்தால் தவறு என்றாவது தோன்றியிருக்கும். அழித்ததால், சொல்லிவிட்டு ஒளிந்துகொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த மாதிரி ஒரு காட்சியைப் பார்க்காத குடும்ப குரூப்போ அலுவலக குரூப்போ தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். இது செயலியில் நேர்ந்த கோளாறு அல்ல. வாட்ஸ்அப் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பதிலுக்குள் ஒரு நகல்

ரிப்ளை கொடுக்கும்போது பெரும்பாலோர் நினைப்பது, பழைய மெசேஜை நோக்கி ஓர் அம்புக்குறி போடுகிறோம் என்று. டெலிகிராமில் அது கிட்டத்தட்ட உண்மை. அங்கே சாதாரண ரிப்ளை, 'இன்ன எண்ணுள்ள மெசேஜுக்கு இது பதில்' என்று மட்டும் சொல்கிறது. மூல மெசேஜ் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், அதைக் காட்டிவிட்டால் போதும். மூலம் அழிந்தால் பெட்டியும் காலியாகி, நீக்கப்பட்ட மெசேஜ் என்று மட்டும் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் அப்படி முடியாது. அங்கே போய்ச் சேர்ந்த மெசேஜ்களைச் சர்வர் சேர்த்து வைப்பதில்லை. உரையாடல் என்பது ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியாக இருக்கும் ஒரு தொகுப்பு. நேற்றுதான் குரூப்பில் சேர்ந்தவரின் போனில் முந்தாநாள் மெசேஜ் இல்லாமல் இருக்கலாம். இன்னொருவர் இடம் போதாமல் பழையதையெல்லாம் துடைத்திருப்பார். அவர்களுக்கும் பதில் புரிய வேண்டும் என்றால், கேள்வியையும் சேர்த்தே அனுப்பியாக வேண்டும். அதனால் ரிப்ளை அழுத்தியவரின் போன் மூன்று விஷயங்களை ஒரே பொட்டலமாகக் கட்டுகிறது: மூல மெசேஜின் அடையாள எண், அதை எழுதியவர் யார் என்பது, மூல வாசகத்தின் நகல். பதிலோடு சேர்த்து இந்தப் பொட்டலம் பூட்டப்பட்டு எல்லோருக்கும் போகிறது.

'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' என்பதும் ஒரு மெசேஜ்தான். 'இந்த எண்ணுள்ள மெசேஜை அழித்துவிடு' என்று மற்ற போன்களுக்குப் போகும் கட்டளை. போன் அந்த எண்ணைத் தேடி மூலத்தை அழிக்கிறது. ஆனால் மூன்றாவது மாடிக்காரரின் பதில் வேறு எண் கொண்ட வேறு மெசேஜ். கணக்குப்படி அது அவருக்குச் சொந்தமானது. அதற்குள் இருக்கும் நகலும் அப்படியே. பொருளாளரின் கட்டளை அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை.

இந்த வசதி 2017 இறுதியில் வந்தபோது அழிக்க ஏழு நிமிடம்தான் அவகாசம். அடுத்த ஆண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2022 ஆகஸ்டில் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள். அழிக்கும் நேரம் இத்தனை மடங்கு கூடியபோது, பெட்டிக்குள் கிடக்கும் நகலைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. ஏழு நிமிடத்தில் ஒருவரோ இருவரோதான் பதில் போட்டிருப்பார்கள். இரண்டு நாளில் குரூப்பே பேசி முடித்திருக்கும்.

தானாக மறையும் மெசேஜ்களிலும் இதே கதைதான். மறையும் மெசேஜுக்குப் பதில் கொடுத்தால், குறித்த காலம் முடிந்த பிறகும் மேற்கோள் வாசகம் அரட்டையில் தங்கக்கூடும் என்று வாட்ஸ்அப்பின் உதவிப் பக்கமே சொல்கிறது. அதைப் போய்ப் படிப்பவர் யார்?

பின் செய்தால் என்ன ஆகும்?

'பின்' விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் வாட்ஸ்அப்பில் வந்த இந்த வசதி, ஒரு மெசேஜை 24 மணி நேரமோ, 7 நாளோ, 30 நாளோ அரட்டையின் உச்சியில் ஒட்டிவைக்கிறது. ரிப்ளை போல இது நகல் எடுப்பதில்லை, மூலத்தைச் சுட்டிக்காட்டுகிறது. அதனால் எழுதியவர் எல்லோருக்கும் அழித்தால் பின்னும் போய்விட வேண்டும். பிறகு ஏன் பல குரூப்களில் 'அழித்தது' மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது?

முதல் காரணம், தவறான பொத்தான். அழிக்கப் போகும்போது 'எல்லோருக்கும்', 'எனக்கு மட்டும்' என்று இரண்டு வழி வரும். அவசரத்தில் 'எனக்கு மட்டும்' அழுத்தினால், அழித்தவரின் போனில் மெசேஜும் போகும், உச்சியில் இருந்த பட்டையும் போகும். அவருக்கு வேலை முடிந்துவிட்டது போலத் தெரியும். மற்ற நாற்பது பேருக்கு அது உச்சியிலேயே இருக்கும். கூடவே, தன் போனில் இல்லாத ஒன்றை அவரால் இனி எல்லோருக்கும் அழிக்கவும் முடியாது. இப்படி நடப்பது தெரிந்துதான் 2022 டிசம்பரில் ஐந்து நொடிக்குள் 'அன்டூ' செய்யும் வசதியைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நொடி தாண்டினால் அட்மினிடம்தான் ஓட வேண்டும்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். அட்மின்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரோ போட்ட அறிவிப்பைக் காப்பி செய்து, "கவனிக்கவும்" என்று மேலே ஒரு வரி சேர்த்து, தன் பெயரில் மறுபடி போட்டு, அதைப் பின் செய்வார்கள். அந்த நொடியிலிருந்து அது அட்மினின் மெசேஜ். முதலில் எழுதியவர் தன்னுடையதை எத்தனை முறை அழித்தாலும் உச்சியில் இருப்பது அசையாது. பள்ளிப் பெற்றோர் குரூப்பில் தேதி மாறிப்போன அறிவிப்புகள் வாரக்கணக்கில் தொங்குவதற்கு இதுவே காரணம். எழுதிய டீச்சர் திருத்திவிட்டார், அட்மினின் நகல் திருந்தவில்லை.

பின் விவகாரத்தில் ஆறுதல், அதைச் சரிசெய்யக்கூடியவர் யார் என்று கண்ணுக்குத் தெரியும். 'இன்னார் பின் செய்தார்' என்று வரியே வருகிறது. ரிப்ளை பெட்டிக்கு அந்தத் தெளிவு இல்லை. பெட்டியில் இருப்பது ஒருவர் பெயர், அதை அழிக்கும் அதிகாரம் இன்னொருவரிடம்.

பெட்டியில் இருப்பதெல்லாம் உண்மையா?

இங்கேதான் விஷயம் கனமாகிறது. பெட்டிக்குள் இருக்கும் வாசகத்தைக் கட்டியது யாருடைய போன்? பதில் போட்டவருடையது. சர்வரால் அதைச் சரிபார்க்க முடியாது. எல்லாம் பூட்டப்பட்டிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. அப்படியானால், பதில் போடுபவர் நகலை மாற்றிக் கட்டினால்?

2018 ஆகஸ்டில் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்து காட்டினார்கள். ரிப்ளையில் வரும் மேற்கோளின் வாசகத்தை மாற்றி, ஒருவர் எழுதாததை எழுதியது போலக் காட்ட முடிந்தது. குரூப்பிலேயே இல்லாத ஒருவர் பெயரையும் பெட்டிக்குள் வைக்க முடிந்தது. பூட்டை உடைத்து அல்ல, தங்கள் பக்கத்திலிருந்து போகும் பொட்டலத்தைத் திருத்தி. வாட்ஸ்அப் இதை மறுக்கவில்லை. மின்னஞ்சலில் பதில் அனுப்பும்போது கீழே இருக்கும் பழைய வாசகத்தைத் திருத்துவதைப் போன்றதுதான் இது என்பது அதன் விளக்கமாக இருந்தது.

அந்த ஒப்புமையில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு ஓட்டையும் இருக்கிறது. மின்னஞ்சலில் கீழே இருக்கும் வாசகம் யாரும் தட்டக்கூடிய வெறும் எழுத்து என்று பார்த்தாலே தெரியும். வாட்ஸ்அப்பில் அது பெயரோடு, நிறக்கோட்டோடு, செயலியே முத்திரை குத்தித் தந்தது போல வருகிறது. அத்தை மாமாக்கள் உள்ள குரூப்பில் 'அவரே எழுதியிருக்காரே, பாருங்க' என்று விரல் நீட்டுவது அந்தப் பெட்டியை நோக்கித்தான்.

மூல மெசேஜ் இருக்கும்வரை சரிபார்க்க எளிய வழி உண்டு. பெட்டியைத் தொட்டால் அரட்டை மேலே ஓடி மூல மெசேஜில் போய் நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம். மூலத்தை அழித்துவிட்டால்? 'நீக்கப்பட்டது' என்ற வரிதான் மிஞ்சும், ஒப்பிட எதுவும் இல்லை. எழுதியவரின் சொந்தப் போனிலும் இருக்காது. அதாவது, "நான் அப்படிச் சொல்லல, இப்படித்தான் சொன்னேன்" என்று நிரூபிக்க அவரிடம் இருந்த ஒரே சாட்சியை அவரே அழித்துவிட்டார். அவசர டெலீட்டின் பெரிய ஆபத்து இது. வாசகம் தப்பிப் பிழைப்பதைவிட, அது திரிந்து பிழைத்தால் மறுக்க வழியில்லாமல் போவது மோசம்.

பி-12 கதையில் மூன்றாவது மாடிக்காரர் எதையும் திரிக்கவில்லை. சாதாரண மனிதர்கள் யாரும் அந்த வேலைக்குப் போவதில்லை, அதற்குக் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிய வேண்டும். ஆனால் விவாகரத்து வழக்கிலும் சொத்துத் தகராறிலும் வேலைநீக்க விசாரணையிலும் அந்தத் தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் உண்டு. அங்கே கவனம் தேவை. ஒரே வாசகத்தை இரண்டு மூன்று பேர் தனித்தனியாக மேற்கோள் காட்டிப் பதில் போட்டிருந்தால், அவர்கள் போன்களிலிருந்து வந்த நகல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஒரே ஒரு பெட்டி, அதுவும் எதிர்த்தரப்பின் பதிலுக்குள் மட்டும் என்றால், அதன் எடை குறைவு.

வழக்குக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அரட்டையை 'எக்ஸ்போர்ட்' செய்து அந்த எழுத்துக் கோப்பை வக்கீலிடம் கொடுப்பார்கள். அந்தக் கோப்பில் ரிப்ளை பெட்டிகள் வராது. "அதானே சார்" என்ற பதில் மட்டும் இருக்கும், மேலே 'நீக்கப்பட்டது' என்று இருக்கும், நடுவில் எதுவும் இருக்காது. பெட்டி திரையில்தான் தெரியும். எனவே போனைப் பத்திரமாக வைத்து, அரட்டையை மேலிருந்து கீழாக நகர்த்தி ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுப்பது நல்லது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. வெறும் ஸ்க்ரீன்ஷாட்டை நீட்டினால் வேலைக்கு ஆகாது.

துடைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

டெலிகிராம் போல வாட்ஸ்அப்பும் பெட்டியைக் காலியாக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாளரின் இடத்தில் நின்றால் அது நியாயமாகவே படும். இன்னோர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அலுவலக குரூப்பில் ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் ஆபாசமாக ஒரு வரி போடுகிறார். அவள் உடனே அதற்கு ரிப்ளை கொடுத்து, "என்ன பேச்சு இது? யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்கிறாள். அவர் அரை நிமிடத்தில் அழித்துவிடுகிறார். பெட்டியும் சேர்ந்து துடைக்கப்பட்டால், அப்புறம் வந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது காரணமில்லாமல் கத்தும் ஒரு பெண் மட்டுமே. "ஏதோ கிண்டலா சொன்னேன் மேடம், அதுக்குப் போய்..." என்று அவர் சமாளித்துவிடலாம். பணத்திலும் இப்படித்தான். "வட்டி இல்லாம அம்பதாயிரம் தரேன், ஒரு வருஷம் கழிச்சு குடு" என்ற மெசேஜுக்கு "சரிண்ணா" என்று ரிப்ளை. மேலே உள்ளது அழிந்து பெட்டியும் காலியானால், அந்தச் "சரிண்ணா" எதற்குச் சொன்ன சரி? கேள்வியைத் தூக்கிவிட்டால் பதிலின் அர்த்தமே மாறுகிறது. பதில் போட்டவருக்கும் தன் சொல்லின் சூழலைக் காப்பாற்றிக்கொள்ள உரிமை உண்டு.

அதனால் துடைப்பது தீர்வு அல்ல. ஆனால் இப்போதுள்ளபடி மௌனமாக விடுவதும் சரியல்ல. வாட்ஸ்அப் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, அழிக்கப் போகிறவரிடம் 'இதை இரண்டு பதில்கள் மேற்கோள் காட்டுகின்றன, அவை அழியாது' என்று முன்கூட்டியே சொல்வது. இரண்டு, மூலம் அழிந்த பிறகு பெட்டியின் ஓரத்தில் 'எழுதியவர் இதை நீக்கிவிட்டார், சரிபார்க்க இயலாது' என்று குறிப்பது.

ரகசியக் குறியாக்கம் இதற்குத் தடையே இல்லை. பதிலுக்குள் மூலத்தின் அடையாள எண் இருக்கிறது. அழிக்கும் கட்டளையிலும் அதே எண் வருகிறது. இரண்டும் ஒரே போனுக்குள், பூட்டு திறந்த நிலையில் இருக்கின்றன. சர்வரைக் கேட்காமல் போனே இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். பெட்டியைத் தொட்டதும் மூலத்துக்கு ஓடத் தெரிந்த செயலிக்கு இது பெரிய வேலை அல்ல. அப்படி ஒரு சிறு குறிப்பு இருந்திருந்தால் பி-12 வீட்டு அம்மாவுக்கு, 'சொன்னார், உடனே திரும்ப எடுத்துக்கொண்டார்' என்றாவது அந்தப் பெட்டியிலேயே தெரிந்திருக்கும். அலுவலகப் பெண்ணின் பக்கம் எதுவும் குறைந்தும் போயிருக்காது.

அதுவரை என்ன செய்வது?

இரவு 10.05 மணிக்குப் பொருளாளர் செய்திருக்க வேண்டியது வேறு வரிசை. முதலில் தன் மெசேஜையும் அதன் கீழ் வந்த பதிலையும் சேர்த்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். நாளைக்கு யாராவது வேறு மாதிரிச் சொன்னால் அதுதான் கையில் இருக்கும். அடுத்து, அழிப்பதற்கு முன்பே திருத்தம்: "பி-12 பணம் மூணு மாசமும் வந்திருக்கு, நான்தான் சரியா பாக்கல, மன்னிக்கணும்." அதற்குப் பிறகு மூன்றாவது மாடிக்காரருக்குப் போன் போட்டு, "சார், உங்க ரிப்ளைக்குள்ள நான் போட்டது அப்படியே நிக்குது, அதை எடுத்துடுங்க" என்று கேட்க வேண்டும். அவர் தன் பதிலை எல்லோருக்கும் அழித்தால்தான் பெட்டியும் போகும். அவருக்கும் இரண்டு நாள் கெடுதான். அவர் தூங்கிவிட்டால், குரூப் அட்மின் அந்தப் பதிலை நீக்கலாம். 2022 முதல் அட்மின்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. மூன்றாவது மாடிக்காரரின் பதிலுக்கு வேறொருவர் பதில் போட்டிருந்தால் பயமில்லை, மேற்கோள் ஓர் அடுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெட்டியில் "அதானே சார்" என்பதுதான் இருக்கும். பொருளாளரின் மூல மெசேஜை அழிப்பது கடைசி வேலை.

தவறுதலாக ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ குரூப்பில் விழுந்தால் மட்டும் இந்த வரிசை செல்லாது. அங்கே முதலில் அழிப்பு, மற்றதெல்லாம் பிறகு. அதைப் பார்த்த யாராவது "சார், நம்பர் தப்பா போட்டுட்டீங்க" என்று நல்லெண்ணத்தில் ரிப்ளை கொடுத்திருந்தால், அந்த எண் அவர் பெட்டிக்குள் இருக்கிறது. அதைச் சொல்ல வந்தவர்கள் ரிப்ளை அழுத்தாமல் தனி மெசேஜாகப் போட்டால் நல்லது.

இதற்கு அப்பாலும் சில இடங்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்து வைத்திருப்பவரின் போனில் கடந்த ஒரு நாள் அறிவிப்புகள் தங்கும். அழித்த மெசேஜின் வரிகளும் அதில் இருக்கலாம். ஐபோனில் தானாகச் சேமிக்க விட்டிருந்தால் படங்கள் போட்டோ ஆல்பத்தில் கிடக்கும். இவை அவரவர் போனுக்குள் இருப்பவை, குரூப் முன்னால் நிற்பவை அல்ல.

பி-12 வீட்டு அம்மா அன்று காலை குரூப்பில் எதுவும் எழுதவில்லை. மகள் அனுப்பிய மூன்று ரசீதுகளையும் வரிசையாகப் போட்டார், அந்தப் பெட்டி இருந்த பதிலுக்கே ரிப்ளையாக.